ஐந்தாவது ஆண்டின் கணக்கு: பணிக்கொடையும் தொடர் பணியும்

பணிக்கொடை கேட்டு விண்ணப்பிக்கும் தொழிலாளிக்கு நிர்வாகம் அனுப்பும் மறுப்புக் கடிதங்களில் இரண்டு காரணங்களை அடிக்கடி பார்க்கலாம். “ஐந்து ஆண்டு பூர்த்தியாகவில்லை” என்பது ஒன்று. “குறிப்பிட்ட ஓர் ஆண்டில் 240 நாள் வேலைக்கு வரவில்லை, ஆகவே தொடர் பணி முறிந்துவிட்டது” என்பது இன்னொன்று. முதல் காரணம் சில சமயம் சரியாக இருக்கும். இரண்டாவது காரணம் பெரும்பாலும் சட்டத்தைத் தலைகீழாகப் படித்ததால் வருவது. நிர்வாகம் மட்டும் அப்படிப் படிப்பதில்லை. தொழிலாளர்களும் அதை நம்பி, கேட்க வேண்டிய பணத்தைக் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள். 240 என்ற எண் உண்மையில் எங்கே வருகிறது, எதற்காக வந்தது, எப்போது அது தேவையே இல்லை என்பதைப் பொறுமையாகப் பார்த்தால், ஐந்து ஆண்டு என்ற கோடு நாம் நினைத்த இடத்தில் இல்லை என்பது விளங்கும்.

பணிக்கொடை வழங்கல் சட்டம் 1972ஆம் ஆண்டு இயற்றப்பட்டு, அந்த ஆண்டு செப்டம்பர் 16 அன்று நடைமுறைக்கு வந்தது. தொழிற்சாலை, சுரங்கம், தோட்டம், துறைமுகம் போன்றவற்றுக்கும், பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைகள், நிறுவனங்களுக்கும் அது பொருந்தியது. ஒருமுறை பொருந்திவிட்டால் பிறகு ஆள் எண்ணிக்கை பத்துக்குக் கீழே போனாலும் நிறுவனம் அதிலிருந்து வெளியேற முடியாது. 2025 நவம்பர் 21 முதல் இதன் இடத்தில் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், 2020 நடைமுறைக்கு வந்திருக்கிறது. பழைய சட்டத்தின் 4ஆம் பிரிவு புதிய சட்டத்தில் 53ஆம் பிரிவு. தொடர் பணியை விளக்கிய 2ஏ பிரிவு இப்போது 54ஆம் பிரிவு. தொடர் பணி பற்றிய வாசகம் பெரும்பாலும் அப்படியே வந்திருப்பதால், அரை நூற்றாண்டாகச் சேர்ந்த தீர்ப்புகள் இன்றைக்கும் வழிகாட்டும். இரண்டு இடங்களில் மட்டும் முக்கியமான மாற்றம் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

அடிப்படை விதி எளிமையானது. குறைந்தது ஐந்து ஆண்டு தொடர் பணி செய்த ஒருவர் ஓய்வு பெற்றாலும், தாமாகவே வேலையை விட்டாலும் பணிக்கொடை பெற உரிமையுண்டு. மரணத்தாலோ, விபத்து அல்லது நோயால் ஏற்பட்ட உடல் இயலாமையாலோ பணி முடிந்தால் ஐந்து ஆண்டு தேவையில்லை. சேர்ந்து எட்டு மாதத்தில் ஒருவர் இறந்துபோனாலும் அவருடைய குடும்பத்துக்குப் பணிக்கொடை உண்டு. இந்த விலக்கு தெரியாததால் கேட்காமல் போன குடும்பங்கள் நிறைய இருக்கும். சாவு வீட்டில் யாரும் சட்டப் பிரிவைத் தேடுவதில்லை.

இனி ‘தொடர் பணி’க்கு வருவோம். இதற்குச் சட்டம் இரண்டு வாசல்களை வைத்திருக்கிறது. முதல் வாசலில் நுழைய முடிந்தவர் இரண்டாவது வாசலுக்குப் போகவே வேண்டாம். பெரும்பாலான மறுப்புக் கடிதங்கள் முதல் வாசல் ஒன்று இருப்பதையே மறந்துவிட்டு எழுதப்படுபவை.

முதல் வாசல், இடையறாத பணி. ஆனால் ‘இடையறாத’ என்பதற்குள் சட்டமே பல இடைவெளிகளைச் சேர்த்துக்கொள்கிறது. நோய், விபத்து, விடுப்பு, லே-ஆஃப், வேலைநிறுத்தம், கதவடைப்பு, தொழிலாளியின் தவறு இல்லாமல் வேலை நின்றுபோனது ஆகியவற்றால் பணி தடைப்பட்டிருந்தாலும் அது தொடர் பணிதான். விடுப்பு என்று மட்டுமே சட்டம் சொல்கிறது. சம்பளத்தோடா, சம்பளம் இல்லாமலா என்று இந்த இடத்தில் அது பிரிக்கவில்லை. அதோடு இன்னொன்றையும் அந்தப் பட்டியலில் வைத்திருக்கிறது. விடுப்பு சொல்லாமல் வேலைக்கு வராமல் இருந்த நாட்களும் பணியை முறிக்காது. அந்த வராமையைப் பணி முறிவாகக் கருதி, நிலையாணைகளின்படியோ பணி விதிகளின்படியோ நிர்வாகம் ஓர் ஆணை பிறப்பித்திருந்தால்தான் முறியும்.

இந்தக் கடைசி வரிதான் தொழிலாளிக்குப் பெரிய பாதுகாப்பு. ஒருவர் 2018இல் ஒன்றரை மாதம் சொல்லாமல் ஊருக்குப் போய்விட்டார், திரும்பி வந்ததும் நிர்வாகம் கண்டித்துவிட்டு வேலையில் சேர்த்துக்கொண்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போது பணி முறிவு ஆணை எதுவும் போடவில்லை. ஏழு ஆண்டு கழித்து அவர் விலகும்போது, பழைய வருகைப் பதிவேட்டைப் புரட்டி “2018இல் உங்கள் பணி முறிந்துவிட்டது” என்று சொல்வதற்குச் சட்டத்தில் இடமில்லை. வராமை வேறு, வராமையை முறிவாக்கும் ஆணை வேறு. அந்த ஆணை உரிய விதியின் கீழ் பிறப்பிக்கப்பட்டதாக இருக்க வேண்டும். பணிக்கொடை கணக்குப் போடும்போது எழுத்தர் பென்சிலால் வட்டமிடுவது ஆணையாகாது.

இரண்டாவது வாசலில்தான் 240 நாள் வருகிறது. முதல் வாசலின் பொருளில் தொடர் பணி இல்லாத ஒருவர்கூட, கணக்கிடும் நாளுக்கு முந்தைய பன்னிரண்டு மாதத்தில் 240 நாள் உண்மையில் வேலை செய்திருந்தால், அந்த ஓராண்டு தொடர் பணி செய்ததாகக் கருதப்படுவார். சுரங்கத்தில் நிலத்தடியில் வேலை செய்பவருக்கும், வாரத்தில் ஆறு நாளுக்குக் குறைவாக இயங்கும் நிறுவனத்தில் வேலை செய்பவருக்கும் 190 நாள் போதும். ஐந்து நாள் வாரம் நடத்தும் மென்பொருள் நிறுவனங்களில் இருப்பவர்களும் 240 நாள் என்றே நினைத்துக்கொண்டிருப்பது விந்தை. அவர்களுக்கான எண் 190. சர்க்கரை ஆலை போலப் பருவத்தில் மட்டும் இயங்கும் நிறுவனங்களில், ஆலை இயங்கிய நாட்களில் முக்கால் பங்கு வேலை செய்திருக்க வேண்டும்.

ஆக, 240 நாள் என்பது தொழிலாளியைத் தூக்கிவிடுவதற்காக வைத்த விதி. பணி உண்மையாகவே முறிந்திருக்கிறதா என்ற ஐயம் எழும் இடத்தில், “முறிந்திருந்தாலும் பரவாயில்லை, இத்தனை நாள் உழைத்திருக்கிறார், ஆண்டாகவே வைத்துக்கொள்வோம்” என்று சொல்வதற்காக வந்தது. ஒவ்வோர் ஆண்டும் ஒவ்வொரு தொழிலாளியும் தாண்டியாக வேண்டிய தடையாக அதைச் சட்டம் வைக்கவில்லை.

இது என் விருப்பத்துக்கு ஏற்ற வாசிப்பு அல்ல. இதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. 1972ஆம் ஆண்டுச் சட்டம் முதலில் எழுதப்பட்டபோது, தொடர் பணிக்கான விளக்கம் வரையறைகளுக்குள் ஒன்றாக வேறு வடிவில் இருந்தது. சோலாப்பூரின் லட்சுமி விஷ்ணு நெசவாலைத் தொழிலாளர்கள் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. நிரந்தரத் தொழிலாளியாகவே இருந்தாலும், ஓர் ஆண்டில் 240 நாள் உண்மையில் வேலை செய்யாவிட்டால் அந்த ஆண்டுக்குப் பணிக்கொடை இல்லை என்று நீதிமன்றம் சொன்னது. நிரந்தரத் தொழிலாளி வராத நாளில் அந்த இடத்தை நிரப்பும் பதிலித் தொழிலாளிகளுக்கும் அதே நிலைதான். தீர்ப்பு வந்த நாள் 1981 பிப்ரவரி 11. நாடாளுமன்றம் 1984இல் ஒரு திருத்தச் சட்டம் கொண்டுவந்து 2ஏ பிரிவைப் புதிதாகச் சேர்த்தது. சேர்த்ததோடு நிற்காமல், அது 1981 பிப்ரவரி 11 முதலே நடைமுறையில் இருந்ததாகக் கருதப்படும் என்றும் எழுதியது. தீர்ப்பு வெளியான அதே நாளுக்குப் பின்தேதியிட்ட திருத்தம் இது. நிரந்தரத் தொழிலாளியின் ஒவ்வோர் ஆண்டையும் நாள் எண்ணி வெட்டுவதை நாடாளுமன்றம் ஏற்கவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. இன்றைக்கும் மறுப்புக் கடிதம் எழுதுகிறவர்கள், 1984இல் மாற்றப்பட்ட சட்டத்தைத்தான் தெரியாமல் திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

அடுத்து 240 நாளை எப்படி எண்ணுவது என்ற கேள்வி. ‘உண்மையில் வேலை செய்த நாள்’ என்றால் இயந்திரத்தின் முன் நின்ற நாள் மட்டுமல்ல. உரிய விதிகளின்படி லே-ஆஃப் செய்யப்பட்ட நாட்கள், முந்தைய ஆண்டில் ஈட்டி முழுச் சம்பளத்தோடு எடுத்த விடுப்பு நாட்கள், வேலையின்போது நேர்ந்த விபத்தால் தற்காலிகமாக முடங்கிய நாட்கள், இருபத்தாறு வாரம் வரையிலான மகப்பேறு விடுப்பு ஆகியவை வேலை செய்த நாட்களாகவே சேரும். இந்தப் பட்டியலில் ஞாயிற்றுக்கிழமை இல்லை. அப்படியானால் வார விடுமுறை சேராதா?

தொழில் தகராறுச் சட்டத்தின் 25பி பிரிவிலும் ஏறக்குறைய இதே வாசகம் இருந்தது. அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் வங்கி ஊழியர்கள் வழக்கில் 1985இல் உச்ச நீதிமன்றம் இந்தக் கேள்விக்கு விடை சொன்னது. சட்டத்தின்படியோ ஒப்பந்தத்தின்படியோ சம்பளம் கொடுக்கப்பட்ட ஞாயிறுகளும் விடுமுறைகளும் வேலை செய்த நாட்களில் சேரும். சட்டத்தில் உள்ள பட்டியல் முழுமையானதல்ல என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். இதில் கவனிக்க வேண்டியது ‘சம்பளம் கொடுக்கப்பட்ட’ என்ற நிபந்தனை. மாதச் சம்பளக்காரருக்கு ஞாயிறு சம்பளத்துக்குள் அடக்கம். ஷிப்டுக்கு இவ்வளவு என்று வாங்குபவருக்கு ஞாயிறு பெரும்பாலும் சம்பளம் இல்லாத நாள். ஒரே ஆலையில், ஒரே நாட்களில் வேலைக்கு வந்த இரண்டு பேருக்கு இதனால் வேறு வேறு முடிவு கிடைக்கலாம். அது எப்படி என்று கீழே ஒரு கணக்கில் காட்டுகிறேன்.

அதற்கு முன் ஐந்தாவது ஆண்டைப் பற்றிய பெரிய கேள்வியை எடுத்துக்கொள்ள வேண்டும். நான்கு ஆண்டு முழுதாக முடித்து, ஐந்தாவது ஆண்டில் 240 நாள் வேலை செய்துவிட்டு ஒருவர் விலகுகிறார். நாட்காட்டிப்படி ஐந்து ஆண்டு ஆகவில்லை. அவருக்குப் பணிக்கொடை உண்டா?

தமிழ்நாட்டில் இதற்கு உறுதியான விடை இருக்கிறது. மேட்டூர் பியர்ட்செல் நிறுவனத்தின் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 1998இல், ஐந்தாவது ஆண்டில் 240 நாள் வேலை செய்தவர் அந்த ஆண்டைத் தொடர் பணியாக முடித்தவராகவே கருதப்படுவார், ஆகவே அவர் ஐந்து ஆண்டுத் தகுதி பெறுகிறார் என்று தீர்ப்பளித்தது. இதற்கு அடித்தளமான சிந்தனையை உச்ச நீதிமன்றம் 1980இலேயே, ஆட்குறைப்பு தொடர்பான சுரேந்திர குமார் வர்மா வழக்கில் வைத்துவிட்டது. பன்னிரண்டு மாதத்துக்குள் 240 நாள் வேலை செய்திருந்தால் போதும், அந்தப் பன்னிரண்டு மாதமும் முழுதாக வேலையில் இருந்திருக்க வேண்டும் என்ற அவசியமில்லை என்பது அது.

எதிர்த் தரப்பின் வாதமும் அற்பமானதல்ல, அதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். இரண்டாவது வாசல் “முதல் பொருளில் தொடர் பணி இல்லாதவருக்கு” என்று தொடங்குகிறது. நான்கு ஆண்டு பத்து மாதம் ஒரு தடங்கலும் இல்லாமல் வேலை செய்தவர் முதல் பொருளிலேயே தொடர் பணியில் இருப்பவர். ஆனால் அவருடைய தொடர் பணி நான்கு ஆண்டு பத்து மாதம்தான். ஆண்டுக்குள் விழுந்த ஓட்டையை அடைக்க வந்த விதியைக் கொண்டு, இன்னும் வராத இரண்டு மாதத்தை உண்டாக்க முடியுமா என்பது அவர்கள் கேள்வி. தர்க்கத்தில் அழகான கேள்விதான். ஆனால் அதை ஏற்றால் விளைவு என்ன ஆகும்? ஐந்தாம் ஆண்டில் நடுவே ஒரு முறிவு ஏற்பட்டு, 240 நாள் மட்டும் வேலை செய்தவர் தகுதி பெறுவார். ஒரு நாளும் தவறாமல் 280 நாள் உழைத்தவர் தகுதி இழப்பார். ஒழுங்காக வந்தவரைத் தண்டிக்கும் வாசிப்பு, தொழிலாளர் நலச் சட்டம் ஒன்றின் சரியான வாசிப்பாக இருக்க முடியாது என்பது என் உறுதியான கருத்து. சென்னை உயர் நீதிமன்றத்தின் பார்வை சட்டத்தின் நோக்கத்தோடு ஒத்துப்போகிறது. தமிழ்நாட்டுக்குள் அதுதான் பின்பற்ற வேண்டிய சட்டம். வேறு மாநிலத்தில் வேலை செய்பவர்கள், அங்குள்ள நிர்வாகம் இதை எதிர்த்து வழக்காடக்கூடும் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு, முடிந்தால் ஐந்து ஆண்டை நாட்காட்டிப்படியே முடித்துவிட்டு விலகுவது பாதுகாப்பு.

இங்கே ஒரு குழப்பத்தைத் தனியாகப் பிரித்துக் காட்ட வேண்டும். “நாலரை வருஷம் தாண்டினால் அஞ்சு வருஷமாக எடுத்துக்கொள்வார்கள்” என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அது தவறு. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட பகுதியை முழு ஆண்டாக எடுத்துக்கொள்ளும் விதி, தகுதி கிடைத்த பிறகு தொகையைக் கணக்கிடுவதற்கு மட்டுமே உரியது. ஏழு ஆண்டு எட்டு மாதம் வேலை செய்தவருக்கு எட்டு ஆண்டுக்குப் பணம் கிடைப்பது அந்த விதியால். நான்கு ஆண்டு ஏழு மாதத்தில் விலகி, ஐந்தாம் ஆண்டில் 240 நாள் தேறாதவரை அந்த விதி காப்பாற்றாது. தகுதிக்கு ஒரு கணக்கு, தொகைக்கு வேறு கணக்கு.

இப்போது ஓர் எடுத்துக்காட்டை முழுதாகப் போட்டுப் பார்ப்போம். விளக்கத்துக்காக நான் அமைத்துக்கொண்ட கணக்கு இது. திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனம். வாரத்தில் ஆறு நாள் இயங்குவது. செல்வி என்று ஒரு பெண் அங்கே செக்கிங் பிரிவில் மாதச் சம்பளத்துக்கு 2019 ஜூன் 10 அன்று சேர்கிறார். 2024 மார்ச் 15 அன்று விலகுகிறார். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து கடைசியாக வாங்கியது 13,000 ரூபாய். விலகிய தேதி புதிய சட்டத்துக்கு முந்தையது என்பதால் 1972ஆம் ஆண்டுச் சட்டமே இவருக்குப் பொருந்தும்.

நிர்வாகம் மூன்று ஆட்சேபங்களை எழுப்புகிறது. முதலாண்டில், கொரோனா ஊரடங்கால் 2020 மார்ச் 25 முதல் ஆலை பல வாரம் மூடியிருந்தது. அந்த நாட்களில் வேலை இல்லை. மூன்றாம் ஆண்டில் அவர் இருபத்தாறு வாரம் மகப்பேறு விடுப்பில் இருந்தார். வேலை செய்த நாட்கள் 240ஐ எட்டவில்லை. நான்காம் ஆண்டில் முப்பத்தைந்து நாள் சொல்லாமல் வரவில்லை.

மூன்றுக்கும் முதல் வாசலிலேயே விடை இருக்கிறது. ஊரடங்கு, தொழிலாளியின் தவறில்லாமல் வேலை நின்ற காலம். மகப்பேறு விடுப்பு, விடுப்பு. 240 நாள் கணக்குக்கே போக வேண்டாம், போனாலும் அந்த இருபத்தாறு வாரமும் வேலை செய்த நாட்களாகச் சேரும். சொல்லாமல் வராத முப்பத்தைந்து நாளுக்குப் பணி முறிவு ஆணை எதுவும் போடப்படவில்லை. ஆக, 2023 ஜூன் 9 வரை நான்கு ஆண்டும் ஒரு பழுதும் இல்லாமல் நிற்கின்றன.

ஐந்தாம் ஆண்டில்தான் நாள் எண்ண வேண்டும். 2023 ஜூன் 10 முதல் 2024 மார்ச் 15 வரை 280 நாள். சரியாக நாற்பது வாரம். ஞாயிறு நாற்பது போனால் மீதி 240. அதில் தேசிய, பண்டிகை விடுமுறைகள் எட்டு நாள், சம்பளத்தோடு. ஈட்டிய விடுப்பு ஆறு நாள். அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் சம்பளமில்லா விடுப்பில் இருந்தது பதினெட்டு நாள். ஆக, ஆலைக்குள் வந்து வேலை செய்தது 208 நாள்.

நிர்வாகம் 208ஐ மட்டும் காட்டி, தகுதி இல்லை என்கிறது. சரியான கணக்கு அதுவல்ல. வேலைக்கு வந்த 208 நாளோடு ஈட்டிய விடுப்பு 6, பண்டிகை விடுமுறை 8, மாதச் சம்பளத்துக்குள் அடங்கிய ஞாயிறுகள் 40 ஆகியவற்றைச் சேர்த்தால் 262 வருகிறது. சம்பளமில்லாத பதினெட்டு நாளை நாம் சேர்க்கவில்லை. அந்த விடுப்பு முதல் வாசலில் பணியை முறிக்காது என்றாலும், இரண்டாவது வாசலில் வேலை செய்த நாளாகச் சேராது. அப்படியும் 240ஐத் தாண்டிவிட்டார். அவர் ஐந்து ஆண்டுத் தகுதி பெற்றவர்.

தொகை எளிது. ஒவ்வோர் ஆண்டுக்கும் பதினைந்து நாள் சம்பளம். மாதத்துக்கு 26 வேலை நாள் என்று வைத்து நாள் சம்பளம் கணக்கிடப்படும். 13,000ஐ 26ஆல் வகுத்தால் 500. பதினைந்து நாளுக்கு 7,500. ஐந்து ஆண்டுக்கு 37,500 ரூபாய்.

இதே செல்வி ஷிப்டு சம்பளத்துக்கு வேலை செய்தவர், ஞாயிற்றுக்குச் சம்பளம் கிடையாது என்று மாற்றிப் பாருங்கள். அப்போது 208, 6, 8 மூன்றும் சேர்ந்து 222. பதினெட்டு நாள் குறைகிறது. சம்பளமில்லா விடுப்பு பதினெட்டு நாள்தான் அந்தக் குறை. இன்னும் மூன்று வாரம் வேலைக்கு வந்துவிட்டு விலகியிருந்தால் 37,500 ரூபாய் கைக்கு வந்திருக்கும். அதனால்தான் விலகல் கடிதம் கொடுப்பதற்கு முன் நாளை எண்ணிப் பார்க்க வேண்டும் என்று வலியுறுத்துகிறேன். கணக்கில் சேர்வது கடிதம் கொடுத்த நாள் அல்ல, பணியிலிருந்து விடுவிக்கப்பட்ட நாள். முன்னறிவிப்புக் காலத்தில் வேலை செய்தால் அந்த நாட்கள் சேரும். அதற்குப் பதிலாகப் பணம் கட்டிவிட்டு உடனே வெளியேறினால் அந்த நாட்களை இழக்கிறோம். கோட்டுக்கு அருகில் நிற்பவர்கள் இந்தத் தவறைச் செய்யக்கூடாது.

இனி ஆதாரம். வருகைப் பதிவேடும் சம்பளப் பட்டியலும் நிர்வாகத்திடம் இருக்கும். தொழிலாளியிடம் பெரும்பாலும் அடையாள அட்டை ஒன்றுதான் இருக்கும். ஆனால் இரண்டு அரசுப் பதிவுகள் கைகொடுக்கும். இஎஸ்ஐ கணக்கில் மாதந்தோறும் எத்தனை நாளுக்குச் சம்பளம் கொடுக்கப்பட்டது என்பதை நிர்வாகமே பதிவு செய்கிறது. பிஎஃப் கணக்குக்காக மாதந்தோறும் தாக்கல் செய்யும் விவரத்தில், சம்பளமில்லாத நாட்களுக்கென்று ஒரு பத்தி இருக்கிறது. பணிக்கொடை வழக்கில் 208 நாள் என்று சொல்லும் நிர்வாகம், இஎஸ்ஐக்கு 262 நாள் சம்பளம் கொடுத்ததாகக் காட்டியிருந்தால், வாதம் அங்கேயே பாதி முடிந்துவிடும். செல்வி போன்றவர்கள் தங்கள் கணக்கில் நுழைந்து இந்த விவரத்தை விலகுவதற்கு முன்பே எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

தினக்கூலியாக இருந்து பிறகு நிரந்தரமானவர்களிடம் நிர்வாகங்கள் இன்னொரு வகை மறுப்பைச் சொல்வதுண்டு. நிரந்தரமான நாளிலிருந்துதான் பணி தொடங்குகிறது என்பது அது. சத்தீஸ்கர் மாநில அரசில் தினக்கூலியாக 22 ஆண்டு வேலை செய்து, பிறகு பணி வரன்முறை செய்யப்பட்டு மூன்று ஆண்டில் ஓய்வு பெற்ற ஒரு பம்ப் ஆபரேட்டரிடம் அரசே இப்படிச் சொன்னது. நிரந்தரப் பணி மூன்று ஆண்டுதான், ஐந்து ஆண்டு ஆகவில்லை என்று. 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதை நிராகரித்து, மொத்தம் 25 ஆண்டுக்கும் பணிக்கொடை கொடுக்க உத்தரவிட்டது. வாழ்நாளில் கால் நூற்றாண்டை அரசுப் பணிக்குக் கொடுத்தவரை உச்ச நீதிமன்றம் வரை நடக்க வைத்திருக்க வேண்டாம். ஆனால் அவர் நடந்ததால், தினக்கூலிக் காலமும் பணிதான் என்பது எல்லாருக்கும் உறுதியாகியிருக்கிறது.

புதிய தொகுப்புச் சட்டம் கொண்டுவந்த முக்கிய மாற்றங்களில் முதலாவது, குறிப்பிட்ட காலத்துக்கு ஒப்பந்தத்தில் சேர்க்கப்படும் ஊழியர்களைப் பற்றியது. நிறுவனமே நேரடியாக எழுத்து ஒப்பந்தத்தில் வைத்துக்கொண்டவர்களுக்கு ஐந்து ஆண்டு நிபந்தனை இல்லை. ஒப்பந்தத்தின் கீழ் ஓராண்டு வேலை செய்தால் பணிக்கொடைக்குத் தகுதி உண்டு, தொகை வேலை செய்த காலத்தின் விகிதப்படி வரும். இதை எல்லாருக்கும் ஐந்து ஆண்டு ஓராண்டாகிவிட்டது என்று பலர் புரிந்துகொண்டிருக்கிறார்கள். அப்படி இல்லை. காலவரையறை இல்லாத வழக்கமான வேலையில் இருப்பவர்களுக்கு ஐந்து ஆண்டு அப்படியே இருக்கிறது. பத்திரிகையாளர்களுக்கு மட்டும் மூன்று ஆண்டு. ஒப்பந்தக்காரர் மூலம் வருபவர்கள் இந்த ஓராண்டு வகையில் தாமாகச் சேர்ந்துவிட மாட்டார்கள். அவர்களை வேலைக்கு வைத்திருப்பவர் ஒப்பந்தக்காரர்.

இரண்டாவது மாற்றம் ‘சம்பளம்’ என்பதன் வரையறையில். அடிப்படைச் சம்பளத்தைச் சிறிதாக வைத்து, படிகளாகப் பிரித்துக் கொடுக்கும் வழக்கத்தால் பணிக்கொடை சுருங்கி வந்தது. இனி, விலக்கப்பட்ட படிகள் மொத்த ஊதியத்தில் பாதிக்கு மேல் போனால், மிகுதியான பகுதி சம்பளத்தோடு சேர்த்துக் கணக்கிடப்படும். தகுதியை இது தொடாது, தொகையை உயர்த்தும்.

கடைசியாக நடைமுறை. 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பணிக்கொடை உரிமை ஏற்பட்ட முப்பது நாளுக்குள் நிர்வாகம் பணத்தைக் கொடுத்துவிட வேண்டும். தொழிலாளி விண்ணப்பித்தாலும் விண்ணப்பிக்காவிட்டாலும், தொகையைக் கணக்கிட்டு எழுத்தில் தெரிவிப்பது நிர்வாகத்தின் கடமை. தாமதித்தால் ஆண்டுக்குப் பத்து சதவீதம் தனிவட்டி. விண்ணப்பம் தாமதமாகிவிட்டது என்பதற்காக மட்டும் உரிமை அழியாது. மறுத்தால் தொழிலாளர் துறையில் இதற்கென உள்ள அதிகாரியிடம் மனு கொடுக்கலாம். மனுவில் எழுத வேண்டியது நீண்ட கதை அல்ல: சேர்ந்த தேதி, விடுவிக்கப்பட்ட தேதி, கடைசிச் சம்பளம், ஐந்தாம் ஆண்டில் விலகியவராக இருந்தால் அந்த ஆண்டின் நாள் கணக்கு. நிர்வாகம் பணி முறிவு என்று சொன்னால் ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள்: அதற்கான ஆணையின் தேதி என்ன, நகல் எங்கே? அதைக் காட்ட முடியாத நிர்வாகம் பணம் கொடுத்தாக வேண்டும்.